80 சதவீதம் எடுத்தும் தேறாத பயிற்சி மருந்தாளுநர்

மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. முடக்குவாதம் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப் போனவர்களுக்கு மருத்துவர்கள் பல ஆண்டுகளாக முதலில் எழுதுவது இதைத்தான். விலை மலிவு, பலனும் நன்றாகத் தெரியும். ஆனால் இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். அதே அளவைத் தினமும் சாப்பிட்டால் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்தத் தொடங்கும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். உலகின் பல நாடுகளில் இப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருப்பார், மாத்திரையும் தரமானதாகத்தான் இருந்திருக்கும். 'வாரம் ஒருமுறை' என்ற செய்தி சீட்டிலிருந்து நோயாளியின் வாய்க்குப் போகும் வழியில் எங்கோ 'தினம் ஒருமுறை' என்று மாறியிருக்கும்.

அந்த வழியில் கடைசியாக நிற்பவர் மருந்தாளுநர். அதனால் பயிற்சிக்கு வரும் ஒருவர் மருந்து வழங்கத் தகுதி பெற்றுவிட்டாரா என்று பார்க்க இந்த ஒரு மாத்திரையை வைத்தே தேர்வு நடத்தலாம். சீட்டைச் சரிபார்ப்பது, உறையில் எழுதுவது, நோயாளிக்கு விளக்குவது, தவறு நடக்காமல் தடுப்பது ஆகிய நான்கையும் இது ஒரே நேரத்தில் சோதித்துவிடும்.

நம் நாட்டில் டி.பார்ம் முடிப்பவர் பதிவு பெறுவதற்கு முன் குறைந்தது 500 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டைப் பார்த்து உண்மையிலேயே மருந்து வழங்குவதில் கழிய வேண்டும் என்று விதி சொல்கிறது. 1948-ம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ம் பிரிவின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து தரலாம். விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்ற பழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. 250 மணி நேரம் கவுண்டரில் நின்ற ஒருவர் அந்த நேரம் முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்கு மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். நேரக் கணக்கில் அது தெரியாது. அவர் கை என்ன செய்கிறது, வாய் என்ன கேட்கிறது, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார் என்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்து எழுதுவது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரித் தேர்வை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை மருந்தகத்தின் ஒரு கவுண்டர். பயிற்சியில் இருக்கும் ஓர் இளம்பெண். எதிரே நோயாளியாக நடிக்க ஒரு மூத்த செவிலியர். அவருக்கு என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. கேட்காததைத் தானாகச் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. மதிப்பிடுபவர்கள் இரண்டு பேர், தனித்தனித் தாளோடு. ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல் குறிக்க வேண்டும். தாளில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து செயல்கள். பயிற்சியாளர் தானாகச் செய்தால் 2, குறிப்புக் கொடுத்த பிறகு செய்தால் 1, செய்யாவிட்டால் 0. மொத்தம் 40. 'நன்று', 'சுமார்' என்ற சொற்களுக்குத் தாளில் இடமில்லை. கண்ணால் பார்த்த செயலுக்கு மட்டுமே மதிப்பெண்.

சீட்டில் 52 வயது பெண்ணுக்கு நான்கு மருந்துகள் இருக்கின்றன, எல்லாம் நான்கு வாரத்துக்கு. முதலில் பேன்டோபிரசோல் 40 மி.கி., தினமும் காலை சாப்பாட்டுக்கு முன். அடுத்து பிரெட்னிசலோன் 5 மி.கி., தினமும் காலை சாப்பாட்டுக்குப் பின். மூன்றாவது மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி., ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான்காவது ஃபோலிக் அமிலம் 5 மி.கி., திங்கட்கிழமை மட்டும். முதல் இரண்டும் 1-0-0 என்று எழுதியிருக்கின்றன. பின்னால் இருப்பவை இரண்டும் கிழமையோடு இருக்கின்றன. தேர்வின் பொறி இந்த வரிசையில்தான் இருக்கிறது. தினசரி மருந்துக்கு நடுவே வார மருந்து வரும்போது கண்ணும் கையும் முந்தைய வரியின் போக்கிலேயே போகப் பார்க்கும்.

அந்தப் பெண் சீட்டை வாங்கியதும் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. அது முதல் நல்ல அறிகுறி. பெயர், வயது, தேதி, மருத்துவர் கையெழுத்து நான்கையும் பார்த்துவிட்டு நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டாள். "நீங்கதான் இன்னாரா?" என்று கேட்டால் பாதிப் பேர் காதில் சரியாக விழாமலே 'ஆமா' என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டால் அந்த ஆபத்து இல்லை. பிறகு சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் அளவு, எத்தனை தடவை, எத்தனை நாள் என்று விரல் வைத்துப் படித்தாள். மெத்தோட்ரெக்ஸேட் வரியில் விரல் நின்றது.

"அம்மா, கடைசியா இரத்தம் எப்போ டெஸ்ட் பண்ணீங்க?"

"போன வாரம்தாம்மா எடுத்தாங்க. கிட்னி, லிவர் எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொன்னார்."

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் வாரம் ஒருமுறை சாப்பிடும் அளவே உடம்பில் தேங்கி நஞ்சாகும். அதனால் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்காமல் இதைத் தொடரக் கூடாது.

அடுத்த கேள்வியில்தான் செவிலியரின் ஒத்திகைக்கு வேலை வந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லம்மா, இது மட்டும்தான்."

பெரும்பாலான பயிற்சியாளர்கள் இங்கே 'சரி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் ஊரில் 'மாத்திரை சாப்பிடுறீங்களா' என்றால் நாள்பட்ட நோய்க்குச் சாப்பிடுவதைத்தான் கேட்கிறார்கள் என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். நாலு நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அந்தக் கணக்கில் வராது. இவள் கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

"இந்த ஒரு மாசத்துல காய்ச்சல், சளி, நீர்க்கடுப்புன்னு வேற டாக்டர்கிட்ட போனீங்களாம்மா? கடையில கேட்டு ஏதாவது வாங்கினீங்களா?"

"நீர்க்கடுப்புக்கு எங்க தெரு டாக்டர் ஒண்ணு குடுத்தாரு. நேத்துதான் ஆரம்பிச்சேன்." செவிலியர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். கோட்ரைமாக்சசோல்.

இது சாதாரணமாகப் பலருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்தான். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் நிலைமை வேறு. இரண்டும் உடம்பில் ஃபோலேட் சத்து வேலை செய்வதைத் தடுக்கக் கூடியவை. அதோடு கோட்ரைமாக்சசோல், மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரில் வெளியேறுவதையும் குறைத்துவிடும். விளைவு, இரத்த அணுக்கள் சரசரவென்று குறையும். இதை இரண்டு மருத்துவர்களில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு மருந்தும் ஒரே இடத்தில் சந்திப்பது அந்தக் கவுண்டரில்தான்.

அவள் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். பக்கத்து அறையில் ஒருவர் மருத்துவராகப் பேசத் தயாராக இருந்தார். இந்தப் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. தன் பெயர், எங்கிருந்து பேசுகிறாள், எந்த நோயாளி, என்ன சிக்கல், தான் என்ன கருதுகிறாள் என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். "சார், இந்த அம்மா நேத்துல இருந்து கோட்ரைமாக்சசோல் எடுத்துக்கிறாங்க. மெத்தோட்ரெக்ஸேட்டோட சேரக்கூடாது. அதை மாத்த முடியுமா சார்?" கோட்ரைமாக்சசோலை உடனே நிறுத்தச் சொல்லி, மாற்று மருந்தைத் தானே நோயாளியிடம் பேசி எழுதித் தருவதாக மருத்துவர் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் பேசியதைச் சீட்டிலோ பதிவேட்டிலோ எழுதவில்லை. ஒரு குறிப்பு கொடுத்த பிறகு எழுதினாள். சரிபார்ப்புப் பகுதியில் 10-க்கு 9.

அடுத்து மருந்தை எடுப்பது, உறையில் எழுதுவது. ஒரு நோயாளியின் மருந்தெல்லாம் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்பதால் தனித் தட்டு எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, வெட்டும்போது ஒருமுறை, தட்டில் வைக்கும்போது ஒருமுறை அட்டையில் இருக்கும் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டாள். எண்ணிக்கையைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு மருந்துக்கு 28, 28. பின்னால் இருப்பவற்றுக்கு 4, 4.

இந்த 4 என்ற எண்தான் பெரிய காவல். மெத்தோட்ரெக்ஸேட்டில் 28 மாத்திரை என்று பில்லில் வந்தாலே எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு 7.5 மி.கி. என்றால் நான்கு வாரத்துக்கு 30 மி.கி. தினமும் என்று போனால் 210 மி.கி., ஏழு மடங்கு. கடைகளில் பத்து மாத்திரை கொண்ட அட்டையை முழுதாகக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. மற்ற மருந்துக்கு அது பணச் சுமை மட்டும்தான். இந்த மருந்துக்கு வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் ஆறு மாத்திரையும் ஆபத்து.

அட்டையை வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். அந்த முனையை நோயாளிக்குக் கொடுத்துவிட்டால் கடையில் மிஞ்சும் துண்டு அநாதையாகிவிடும். மறு முனையைக் கொடுத்தால் நோயாளி எதை வைத்துப் பார்ப்பார்? வழி ஒன்றுதான். மிஞ்சும் துண்டில் தேதி இருக்கும்படி வெட்டி, நோயாளியின் உறையில் மருந்தின் பெயர், அளவு, காலாவதி ஆகியவற்றைக் கையால் எழுத வேண்டும். அவள் அப்படியே செய்தாள்.

நான்காவது மாத்திரையை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, "ஐநூறுக்குச் சில்லறை இருக்காம்மா?" என்று கேட்டார். அவரும் தேர்வின் ஒரு பகுதிதான். மருந்தகத்தில் இடையூறு என்பது நாள் முழுக்க நடப்பது. தொலைபேசி, சில்லறை, 'ஏம்மா இன்னும் எவ்வளவு நேரம்' என்ற குரல். இடையூறு வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, பதில் சொல்லிவிட்டு, அந்த நோயாளியின் சீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தருவது. அவள் சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். அதற்கு 0.

பிறகு உறைகள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்த காகித உறைதான் நம் மருந்தகங்களில் வழக்கம். முதல் உறையில் பேன்டோபிரசோல், காலைக் கட்டத்தில் 1, 'சாப்பாட்டுக்கு முன்' என்பதில் வட்டம். இரண்டாவது உறையில் பிரெட்னிசலோன், காலைக் கட்டத்தில் 1, 'சாப்பாட்டுக்குப் பின்' என்பதில் வட்டம். மூன்றாவது உறையில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி. என்று பெயர் தெளிவாக இருக்கிறது, காலாவதி இருக்கிறது, '4 மாத்திரை' என்றும் இருக்கிறது. காலைக் கட்டத்தில் 1. வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் இல்லை. நான்காவது உறையில் ஃபோலிக் அமிலம், 'திங்கள் மட்டும்' என்று எழுதியிருந்தாள்.

அந்த உறையைச் சீட்டு தெரியாத ஒருவர் கண்ணால் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட், காலை 1. பக்கத்து உறையில் திங்கள் மட்டும். இதைப் படிக்கும் யாரும் ஒன்று தினசரி, இன்னொன்று வாரம் ஒருமுறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் சிறிதாகவே இருக்கும். ஆபத்தைக் குறைக்கக் கொடுத்த ஃபோலிக் அமிலம் வாரம் ஒன்று, ஆபத்தான மருந்து தினம் ஒன்று என்று அப்படியே தலைகீழாகிவிடும்.

மதிப்பெண் தாளில் உறைப் பகுதியில் ஐந்து செயல்கள்: பெயரும் அளவும், ஒரு வேளைக்கு எத்தனை, எப்போது, மொத்த எண்ணிக்கை, காலாவதியும் எச்சரிக்கையும். நான்கில் அவளுக்கு முழு மதிப்பெண், 'எப்போது' என்பதில் 0. ஆக 10-க்கு 8.

இந்த உறையோடு அவள் நோயாளி முன்னால் வந்து விளக்கத் தொடங்கினாள். அழகாகவே விளக்கினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். "இந்த மாத்திரை எதுக்குன்னு டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று தொடங்கினாள். எதற்கு என்று சொன்னார், எப்படிச் சாப்பிடச் சொன்னார், என்ன ஆகும் என்று சொன்னார் ஆகிய இந்த மூன்று கேள்விகளும் அமெரிக்காவில் பழங்குடியினருக்கான அரசு சுகாதாரத் துறையின் மருந்தாளுநர்கள் உருவாக்கி உலகெங்கும் பரவியவை. நோயாளிக்குத் தெரிந்ததை முதலில் கேட்டுவிட்டால், தெரியாததை மட்டும் சொன்னால் போதும். நேரமும் மிச்சம்.

"அம்மா, இது ஞாயித்துக்கிழமை மட்டும். வேற எந்தக் கிழமையும் கூடாது. வலி ஜாஸ்தியா இருக்குன்னு நடுவுல ஒண்ணு போட்டுக்கக் கூடாது. வாயில புண்ணு, தொண்டை வலி, காய்ச்சல், மூச்சு வாங்கறது, உடம்புல காரணமில்லாம நீலமா கன்னிப் போறது, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாம உடனே டாக்டர்கிட்ட வாங்க."

ஒரு ஞாயிறு மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. மதிப்பிடுபவர் சைகை காட்டிய பிறகு சொன்னாள். இரண்டு நாளைக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வழக்கமான ஒன்றை மட்டும் போட வேண்டும். கடைசியில், "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். நீங்க ஒரு தடவை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டிருந்தால் 'புரிஞ்சுது' என்றுதான் பதில் வரும், அதனால் எதுவும் தெரியாது. செவிலியர் திருப்பிச் சொன்னார், சரியாகவே சொன்னார். விளக்கப் பகுதியில் 10-க்கு 9.

ஒன்று மட்டும் பாக்கி. மெத்தோட்ரெக்ஸேட், இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றை 'ஆபத்து மிகுந்த மருந்து' என்று மருந்தகங்கள் தனிப்பட்டியலில் வைக்கும். அந்தப் பட்டியலில் உள்ள எதையும் கொடுக்குமுன் இன்னொருவர் சீட்டையும் மருந்தையும் உறையையும் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு சீனியர் பார்மசிஸ்ட் அதற்கென்றே உட்கார்ந்திருந்தார். அவள் கேட்கவில்லை. அதற்கும் 0. தவறு தடுப்புப் பகுதியில் 10-க்கு 6.

மொத்தம் 9, 8, 9, 6. கூட்டினால் 32. நாற்பதுக்கு முப்பத்திரண்டு என்றால் 80 சதவீதம். கல்லூரிக் கணக்கில் இது முதல் வகுப்பையும் தாண்டிய மதிப்பெண். ஆனால் தாளின் அடியில் இருவருமே எழுதியது: தேறவில்லை.

இந்த முடிவுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் தேர்ச்சி தரும் முறை மருந்து வழங்குவதற்குப் பொருந்தவே பொருந்தாது. இன்முகத்துக்குக் கிடைத்த 2 மதிப்பெண்ணை வைத்து, உறையில் விடுபட்ட ஒரு கிழமையை ஈடுகட்ட முடியாது. அதனால் நல்ல மதிப்பீட்டுத் தாளில் சில செயல்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். அந்தச் செயலில் 0 வாங்கினால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. தவறான நோயாளி, தவறான மருந்து, தவறான அளவு, தவறான வேளை, தெரிந்த ஒவ்வாமையைக் கவனிக்காதது ஆகியவை அந்தக் குறி உள்ளவை. இந்தக் குறி முன்கூட்டியே பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு கண்டுபிடித்துச் சொல்லும் விதி நியாயமானதல்ல.

'வாயால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாளே, நோயாளியும் திருப்பிச் சொன்னாரே?' என்று கேட்கலாம். சொன்னது கவுண்டரைவிட்டு நகர்ந்ததும் தேய ஆரம்பிக்கும். உறை மட்டும் நான்கு வாரம் வீட்டில் இருக்கும். நம் வீடுகளில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மகனோ மருமகளோ பேத்தியோ. அவர்கள் கவுண்டருக்கு வரவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. அவர்களுக்கு உறை ஒன்றுதான் சாட்சி. பேச்சும் எழுத்தும் முரண்பட்டால் வீட்டில் எழுத்துதான் வெல்லும். பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் புதிய ஏற்பாடுகளைச் செய்தபோதும் இதையே பிடித்துக்கொண்டது. எந்தக் கிழமை என்று நோயாளியோடு பேசி முடிவு செய்து அதைச் சீட்டில் முழுதாக எழுதச் சொன்னது. பெட்டியின் மேல் எச்சரிக்கையும், கையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் தரச் சொன்னது. பேச்சை மட்டும் நம்பவில்லை.

நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் இந்தத் தாள் காட்டுகிறது. இடையூறுக்குப் பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கியிருந்தால் மூன்றாவது வரியின் கிழமை மறுபடி கண்ணில் பட்டிருக்கும். இரண்டாம் ஆளிடம் காட்டியிருந்தால் உறையின் குறை அங்கேயே பிடிபட்டிருக்கும். அவளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் பற்றித் தெரியாமல் இல்லை. அறிவு இருந்தும் தவறு நடந்தது. தினசரி மருந்து இரண்டை எழுதிவிட்டு வந்த கை, மூன்றாவதிலும் அதே கட்டத்தில் 1 போட்டது. எழுத்துத் தேர்வில் இந்தப் பெண் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். கவுண்டரில் நிறுத்திப் பார்த்ததால்தான் தெரிந்தது.

மதிப்பிடுபவர்களிடமும் பலவீனம் உண்டு. கனிவாகப் பேசும் பயிற்சியாளருக்கு எல்லாப் பகுதியிலும் மதிப்பெண் கூடிவிடும், தயங்கித் தயங்கிப் பேசுபவருக்குக் குறைந்துவிடும். மனித மனத்தின் இயல்பு அது. இதற்கு மருந்து, இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்பதும், உறைகளை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஆள் முகம் பார்க்காமல் மதிப்பிடுவதும்தான். பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும், உறை மேசை மேல் இருக்கும். ஒருவர் 2-ம் மற்றவர் 0-ம் போட்டிருந்தால் சராசரி எடுத்து 1 என்று முடிக்கக் கூடாது. இருவரும் எதைப் பார்த்தோம் என்று பேச வேண்டும். பெரும்பாலும் அந்த வரியின் சொற்களே தெளிவில்லாமல் இருந்திருக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு சீட்டை வைத்து ஒருவரைத் தேறினார் என்று சொல்ல முடியாது. வார மாத்திரையில் கவனமாக இருப்பவர் குழந்தை மருந்தில் தடுமாறலாம். பாராசிட்டமால் சிரப் ஒன்றில் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 மி.கி. இருக்கும். புட்டியை மாற்றி எடுத்துவிட்டு உறையில் '5 மில்லி' என்று எழுதினால் எழுத்தில் தவறே தெரியாது, குழந்தைக்குப் போவது இரண்டு மடங்கு. ஆகவே முதியவர், குழந்தை, கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர் என்று வெவ்வேறு சீட்டுகளில், வெவ்வேறு நாட்களில் பார்த்தால்தான் மதிப்பீடு நம்பத் தகுந்தது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோருமே கூடுதல் கவனமாக இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்காகவே, ஏற்கெனவே வழங்கத் தயாரான உறைகளை அவ்வப்போது சொல்லாமல் எடுத்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

கைக்குப் போகுமுன் பிடிபட்ட தவறுகளை எழுத ஒரு நோட்டு எல்லா மருந்தகத்திலும் இருக்க வேண்டும். பயிற்சியாளர் தன் தவறைத் தானே பிடித்து அதில் எழுதினால் மதிப்பெண் குறையக் கூடாது, கூட வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு பயிற்சியாளர் அந்த நோட்டில் ஒருவரிகூட எழுதவில்லை என்றால் எனக்கு அது கவலை தரும். தவறே செய்யாதவர் யாரும் இல்லை. அவர் பார்க்கவில்லை அல்லது பயந்து மறைக்கிறார் என்றுதான் பொருள். திட்டு விழும் இடத்தில் நோட்டு எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.

முடிவை அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே சொன்னார்கள். மதிப்பெண்ணைச் சொல்லித் தொடங்கவில்லை. நான்கு உறைகளையும் அவள் முன்னால் வைத்து, "உன் தம்பி ஊர்லேருந்து வர்றான், சீட்டைப் பார்க்கலை. இந்த உறையை மட்டும் வச்சு அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கணும். படிச்சுப் பாரும்மா" என்றார் சீனியர் பார்மசிஸ்ட். மூன்றாவது உறைக்கு வந்ததும் அவளே நிறுத்தினாள். புதிய உறை ஒன்றை எடுத்து மூன்று கட்டத்தின் மேலும் குறுக்கே கோடு போட்டாள். பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும், வாரம் 1 மாத்திரை, தினமும் சாப்பிடக் கூடாது' என்று எழுதினாள். இந்த உறைக்கு முழு மதிப்பெண் தரலாம். வார மருந்துக்கு மூன்று கட்ட உறையையே பயன்படுத்தாமல், கிழமை அச்சடித்த தனி உறை வைப்பது இன்னும் நல்லது. அப்போது கையின் பழக்கத்துக்கே வழி இருக்காது.

அவளுக்குக் கிடைத்த ஏற்பாடு இது. இரண்டு வாரம் கழித்து வேறொரு சீட்டில் மறுதேர்வு. அதுவரை மற்ற மருந்துகளைப் பார்வையில் இருந்தபடி வழங்கலாம், ஆபத்துப் பட்டியலில் உள்ளவற்றையும் வார மருந்துகளையும் இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் தரக் கூடாது. மறுதேர்வுச் சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் இருக்காது. வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி இருக்கும், அதுவும் நம் ஊரில் தினசரி என்று மாறிப் போகும் மருந்துதான். மருந்து மாறினாலும் பழக்கம் கைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அது.

மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் மண்ணோடு தொடர்புள்ள மருந்து இது, நம் மருந்தகங்களில் தினமும் கை மாறுகிறது. பயிற்சிச் சான்றில் கையெழுத்திடும் மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 500 மணி நேரம் என்ற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன், அந்தப் பயிற்சியாளர் தன் கையால் எழுதிய உறைகளில் பத்தை வாங்கிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கவுண்டரில் இருக்கும் பிள்ளை, "எப்படிச் சாப்பிடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால், அவசரம் என்று நகர்ந்துவிடாமல் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்வதோடு, உறையில் எழுதியிருப்பதும் நீங்கள் சொன்னதும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.